ரவுட்டர் முகவரியை மாற்றும் முன்

சுங்குவார்சத்திரத்தில் 2007 முதல் சாம்சங் ஆலை இயங்குகிறது. அதைச் சுற்றியும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட் வளாகங்களைச் சுற்றியும், பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் சிறு பட்டறைகள் இருக்கின்றன. அப்படி ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். அலுவலகத்தில் டேலி ஓடும் கம்ப்யூட்டரின் முகவரி 192.168.1.10, ரவுட்டர் 192.168.1.1. கணக்காளர் காஞ்சிபுரத்தில் தன் வீட்டிலிருந்து விபிஎன் போட்டு அந்த டேலியைத் திறக்கப் பார்க்கிறார். விபிஎன் இணைந்துவிட்டதாகக் காட்டுகிறது, ஆனால் டேலி திறப்பதில்லை. காரணம், அவர் வீட்டு ரவுட்டரும் 192.168.1.1 என்பதுதான். 192.168.1.10 எங்கே என்று தேடும் லேப்டாப், அது தன் வீட்டு வைஃபையிலேயே இருப்பதாக எடுத்துக்கொண்டு அங்கேயே தேடி ஓய்கிறது. விபிஎன் பக்கம் திரும்புவதே இல்லை. ரவுட்டரின் உள்முகவரியை மாற்ற இதைவிட நியாயமான காரணம் எனக்குத் தெரியவில்லை. மாற்றுவது ஒரு நிமிட வேலை. ஆனால் அதற்குப் பிறகு எது எப்போது நிற்கும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட முடியும், போடாமல் கைவைக்கக் கூடாது என்பதே என் வாதம்.

பாதுகாப்புக்காக மாற்றச் சொல்கிறவர்கள் உண்டு. அதில் பெரிதாகச் சாரமில்லை. வைஃபைக்குள் நுழைந்துவிட்ட எந்தக் கருவிக்கும் ரவுட்டர் தன் முகவரியைத் தானே சொல்லிவிடும். ‘எல்லாப் போக்குவரத்தையும் விபிஎன் வழியே அனுப்பினால் போதாதா’ என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலும் போதாது, தன் வீட்டு நெட்வொர்க்கில் நேரடியாக இருப்பதாக லேப்டாப் நம்பும் முகவரிக்கு அந்த ஏற்பாடு பொருந்தாது. ‘கணக்காளர் வீட்டு ரவுட்டரை மாற்றிவிட்டால்?’ அவர் ஒருவருக்குத் தீரும். நாளை ஆடிட்டரும் முதலாளியும் தத்தம் வீட்டிலிருந்து இணைவார்கள். அலுவலகம் ஒன்று, வீடுகள் பல. மாற வேண்டியது அலுவலகம்தான். புதிய எண்ணைத் தேர்வுசெய்யும்போது 192.168.0, 192.168.1 இரண்டையும் தவிர்க்க வேண்டும். ஜியோஃபைபர் பயன்படுத்தும் 192.168.29, பழைய ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட்டுகள் பல தரும் 192.168.43 ஆகியவையும் வேண்டாம். 10 என்று தொடங்கும் முகவரிகள் பெரிய நிறுவனங்களில் அதிகம் புழங்குவதால், வாடிக்கையாளர் ஆலையின் விபிஎன்னோடு மோதலாம். 192.168.74.1 போல யாரும் எளிதில் தொடாத எண்ணே நல்லது. கடைசி எண்ணை மட்டும் பழையபடியே விடுங்கள்: டேலி .10 என்றால் புதிய இடத்திலும் .10. நினைவில் வைக்கவும் எழுதி ஒட்டவும் அது எளிது.

இனி, மாற்றியதும் நடப்பது. ரவுட்டர் தன் புதிய முகவரியை யாருக்கும் அறிவிப்பதில்லை. கருவிகள் வந்து கேட்கும்போதுதான் சொல்கிறது. ஒவ்வொரு கருவியும் ரவுட்டரின் டிஎச்சிபியிடமிருந்து தன் முகவரியை ஒரு கெடுவுக்கு வாங்கி வைத்திருக்கிறது. இதைத்தான் லீஸ் என்கிறோம். கெடு 24 மணி நேரம் என்று வையுங்கள். பாதிக்கெடுவில், அதாவது 12-ஆம் மணியில், கருவி பழைய ரவுட்டர் முகவரியையே நேராகத் தேடிப் புதுப்பிக்கக் கேட்கும். அங்கே இப்போது யாருமில்லை. 87.5 சதவீதத்தில், 21-ஆம் மணியில், ‘யாராவது இருக்கிறீர்களா’ என்று பொதுவாகக் கூவும். அப்போதுதான் ரவுட்டர் காதில் அது விழும். பழைய முகவரி செல்லாது என்று மறுத்து, புதியதைக் கொடுக்கும். மறுக்காமல் மௌனம் சாதிக்கும் ரவுட்டர் என்றால் கெடு முழுதும் முடிய வேண்டும். அதுவரை அந்தக் கருவிக்கு இன்டர்நெட் இல்லை. கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் பழைய 192.168.1.1 என்றே அதில் பதிந்திருக்கும்.

நடைமுறையில் எல்லாக் கருவியும் 21 மணி நேரம் காத்திருப்பதில்லை. வைஃபை போன்கள் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகும்போது தொடர்பு அறுந்து, மறுபடி இணையும்போதே கேட்டுவிடும். அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். சிக்கல், ஷாப் ஃப்ளோரில் சுவிட்ச் வழியாகக் கேபிளில் இருக்கும் கம்ப்யூட்டர்களில். சுவிட்ச் அணையாததால், ரவுட்டர் போய் வந்ததே அவற்றுக்குத் தெரியாது. இவற்றின் அறிகுறி விசித்திரமானது: பழைய முகவரியிலேயே இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஃபைல் பகிர்ந்துகொள்ளும், ஆனால் இன்டர்நெட் வராது. ஒன்று புதியதாகி மற்றது பழையதாகவே நின்றால், அந்தப் பகிர்வும் நின்றுபோகும். ‘பாதி வேலை செய்கிறது’ என்று யாராவது சொன்னால், கேபிளைச் சந்தேகிக்கும் முன் முகவரியைப் பாருங்கள். விண்டோஸில் இந்த மூன்று வரி போதும்:

```
ipconfig
ipconfig /release
ipconfig /renew
```

முதல் வரியில் 192.168.1 என்று வந்தால் இன்னும் கேட்கவில்லை என்று பொருள். 169.254 என்று தொடங்கினால், கேட்டும் பதில் கிடைக்கவில்லை. ரவுட்டரில் டிஎச்சிபி வழங்கும் எண் வரிசை பழைய 192.168.1-லேயே நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். சில ரவுட்டர்கள் அதைத் தானாக மாற்றுவதில்லை.

‘எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போட்டால் தீராதா’ என்று கேட்கலாம். லீஸ் வாங்கும் கருவிகளுக்குத் தீரும். ஆனால் பட்டறையை உண்மையில் நிறுத்துபவை, ஒருபோதும் கேட்காத கருவிகள்: கையால் முகவரி பதித்த பிரிண்டர், சிசிடிவி டிவிஆர், வாசலில் விரல்ரேகை வைக்கும் வருகைப்பதிவு மெஷின், நம் உதாரணத்தில் டேலி கம்ப்யூட்டர். நூறு முறை அணைத்துப் போட்டாலும் இவை பழைய முகவரியோடுதான் எழும். இவற்றைத் திருத்த ரவுட்டரைப் பழையபடி மாற்ற வேண்டியதில்லை. அதே சுவிட்சில் செருகிய லேப்டாப்புக்குக் கையால் 192.168.1.99, மாஸ்க் 255.255.255.0 கொடுத்து, கேட்வேயைக் காலியாக விட்டால், பிரவுசரில் பிரிண்டரின் பழைய முகவரி திறக்கும். அங்கேயே புதிய முகவரியையும் கேட்வேயையும் பதித்துவிடலாம். பிறகு ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அந்த பிரிண்டருக்கான போர்ட், டேலி சர்வர் முகவரி, ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங், விபிஎன் சர்வர் அறிவிக்கும் நெட்வொர்க் ஆகியவற்றையும் மாற்ற வேண்டும். கடைசியாகச் சொன்னதை மறந்தால், அலுவலகத்தில் எல்லாம் ஓடும். எதற்காக மாற்றினோமோ அந்தக் கணக்காளருக்கு மட்டும் டேலி திறக்காது.

காத்திருப்பைக் குறைக்க ஒரு வழி உண்டு: லீஸ் கெடுவை முன்பே ஒரு மணி நேரமாகக் குறைப்பது. அதையும் உரிய நேரத்தில் செய்ய வேண்டும். பழைய 24 மணிக் கெடுவில் இருக்கும் கருவி, அடுத்த புதுப்பிப்பு வரை புதிய கெடுவை அறியாது. அது 12 மணி நேரம் வரை ஆகலாம். எனவே சனிக்கிழமை காலை கெடுவைக் குறைத்து, ஞாயிறு முகவரியை மாற்றினால், மின்சாரத்தோடு இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒரு மணி நேரத்துக்குள் தாமாகவே சரியாகும். வேலை முடிந்ததும் கெடுவை மறுபடி 24 மணியாக்கிவிடுங்கள்.

ஆக, ரவுட்டர் பக்கத்தைத் திறக்கும் முன் ஒரு தாளில் கையால் முகவரி பதித்த கருவிகளை மட்டும் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால், இந்த ஞாயிறு மாற்ற வேண்டாம்.