பாக்கெட் அட்டை எழுதும் சிஸ்டர்களுக்கு

மருத்துவமனைகளில் தொற்றைத் தடுப்பதற்கான தேசிய வழிகாட்டுதலை மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஜனவரியில் வெளியிட்டது. அது தடித்த புத்தகம். திருநாவலூர் போன்ற வட்டாரத்தில், இரவுப் பணியில் ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ் பிரசவமும் பார்த்து வார்டும் பார்க்கும்போது அதைப் புரட்ட முடியாது. அதைச் சட்டைப் பைக்குள் அடங்கும் அட்டையாக்கும் வேலை உங்களுக்கு வந்திருக்கிறது. பல ஆண்டு வார்டு பார்த்தவள் என்ற முறையில் சில சொல்கிறேன்.

1. முதலில், எதை விடுவது என்று முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு வரியையும் படித்து, 'இதைச் செய்ய வேண்டியது யார், எப்போது?' என்று கேளுங்கள். குழு அமைப்பது, பொருள் வாங்குவது, கணக்கெடுப்பது எல்லாம் அலுவலகத்தின் வேலை. கழிவுப் பைகளின் நிறம் தொட்டிக்கு மேலே சுவரிலேயே ஒட்டியிருக்கும், அட்டையில் வேண்டாம். யோசிக்க நேரமில்லாமல் கை செய்ய வேண்டியவை மட்டும் மிஞ்சட்டும்: கை சுத்தம், ரத்தச் சிதறல், ஊசி குத்து. மூன்று தலைப்பு போதும்.

2. வரியைக் குறைக்கும்போது விதிவிலக்கை வெட்டாதீர்கள். 'ஹேண்ட் ரப் 20 முதல் 30 விநாடி' என்று மட்டும் எழுதினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கையில் ரத்தமோ அழுக்கோ தெரிந்தால் ஹேண்ட் ரப் போதாது. வயிற்றுப்போக்கு நோயாளியைத் தொட்ட பிறகும் அதை நம்ப முடியாது. சில கிருமிகளின் வித்துகள் ஆல்கஹாலில் சாவதில்லை. அங்கே சோப்பும் தண்ணீரும், 40 முதல் 60 விநாடி. இடம் பற்றவில்லையென்றால் வேறு வரியை எடுங்கள்.

3. சதவீதத்தை மக்குக் கணக்காக மாற்றுங்கள். ரத்தம் சிந்தினால் 1 சதவீத ஹைப்போகுளோரைட் என்கிறது வழிகாட்டுதல். இரவு இரண்டு மணிக்கு யார் சதவீதம் போடுவார்கள்? கேனில் 5 சதவீதம் என்றிருந்தால் ஒரு மக் மருந்துக்கு நாலு மக் தண்ணீர். 10 சதவீதம் என்றால் ஒன்றுக்கு ஒன்பது. கேனில் உள்ள எண்ணில் ஒன்றைக் கழித்தால் எத்தனை மக் தண்ணீர் என்று வந்துவிடும். 'ஒன்றுக்கு ஒன்பது' என்று மட்டும் அச்சடித்துவிட்டு, அடுத்த சப்ளையில் 5 சதவீதக் கேன் வந்தால் கலவை அரை சதவீதமாகிவிடும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் 'கேன் லேபிளைப் பார்' என்பதே முதல் வரி. இரண்டு கணக்கும் அதன் கீழே. வெயிலிலும் வெளிச்சத்திலும் வீரியம் போகும். ஆகவே 'தினமும் புதிதாகக் கலக்கு, நேரம் எழுது' என்பதும் வேண்டும்.

4. வரிசை முக்கியமான இடத்தில் எண் போடுங்கள். ஒன்று, கையுறை. இரண்டு, ரத்தத்தின் மேல் உறிஞ்சும் துணி போட்டு மூடு. மூன்று, கலவையை ஊற்று. நான்கு, 10 நிமிடம் விடு. ஐந்து, துணியை மஞ்சள் பையில் போட்டு, தரையை மறுபடி துடை. எண் இல்லையென்றால் அவசரத்தில் நான்காவதுதான் காணாமல் போகும். ஊற்றிய கையோடு துடைத்துவிடுவார்கள். மருந்து வேலை செய்ய நேரமே கிடைக்காது.

5. ஊசி குத்திய பகுதியைப் பதற்றத்தில் படிப்பார்கள் என்று நினைத்து எழுதுங்கள். 'சோப்பு போட்டுத் தண்ணீரில் கழுவு. பிதுக்காதே. வாயில் வைக்காதே. பிளீச் ஊற்றாதே. உடனே சொல்.' எச்ஐவி தடுப்பு மாத்திரையை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. 'மேலதிகாரிக்குத் தெரிவிக்கவும்' என்று எழுதினால் எப்படிப் போதும்? மாத்திரை உளுந்தூர்பேட்டையில் இருக்கிறதா, கள்ளக்குறிச்சி வரை போக வேண்டுமா, இரவில் எந்த எண்ணை அழைப்பது என்று முன்கூட்டி விசாரித்து, அட்டை அச்சாகும் அன்று அந்த எண்ணுக்கு நீங்களே போன் போட்டுப் பாருங்கள்.

6. அட்டையும் கட்டிலுக்குக் கட்டில் போகிறது. லேமினேட் செய்யுங்கள், ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். 'கையுறையோடு தொடாதே' என்பதை அட்டையின் தலையிலேயே போடுங்கள். துணி உறை, நூல் கயிறு வேண்டாம்.

7. அச்சுக்கு முன் புதிதாகச் சேர்ந்த சிஸ்டரிடம் கொடுத்து, கலவை கலந்து காட்டச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அவர் எங்கே நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள். 'புரிகிறதா?' என்று கேட்டால் எல்லோரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். கடைசியாக, அட்டையின் மூலையில் தேதி போடுங்கள். மருந்து வீரியமோ போன் எண்ணோ மாறினால், பழைய அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டுதான் புதியதைக் கொடுக்க வேண்டும்.