நவம்பரில் யாருக்கு எவ்வளவு? ஆர்.டி. முதிர்வுப் பட்டியலைப் பிழையில்லாமல் போட ஒரு வழிகாட்டி

மும்பையில் கூட்டுறவு கடன் சங்கத்தைப் ‘பத்பேடி’ என்பார்கள். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் அப்படியொரு பத்பேடியில் கணக்கு எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தால், மார்ச் நெருங்கும்போது செயலாளர் கேட்கும் முதல் காகிதங்களில் ஒன்று ஆர்.டி. முதிர்வுப் பட்டியல். அடுத்த 12 மாதங்களில் எந்த மாதம் எந்த உறுப்பினருக்கு ஆர்.டி. முதிர்கிறது, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று மாத வரிசையில் சொல்லும் காகிதம் அது.

அதைப் படிப்பவர்கள் இரண்டு பேர். பொருளாளர் எந்த மாதம் எவ்வளவு ரொக்கம் வேண்டும் என்று பார்க்கிறார். தணிக்கையாளர் மார்ச் 31 அன்று சங்கம் எவ்வளவு வட்டி கடன்பட்டிருக்கிறது என்று பார்க்கிறார். இந்த இரண்டும் வேறு வேறு தொகை. பட்டியலில் வரும் பெரும்பாலான பிழைகளுக்கு இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் காரணம்.

முதிர்வில் தரவேண்டிய வட்டி

வங்கிகள் ஆர்.டி.க்குப் பொதுவாகக் காலாண்டுக் கூட்டுவட்டி போடுகின்றன. சிறு சங்கங்கள் பலவற்றில் தனிவட்டிதான். எந்த முறை என்பதைச் சங்கத்தின் வைப்பு விதிகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பழைய எழுத்தர் போட்டபடி போடாதீர்கள். இங்கே தனிவட்டியை எடுத்துக்கொள்வோம்.

மாதம் 500 ரூபாய், 12 மாதம், 8 சதவீதம். முதல் தவணை 12 மாதம் சங்கத்தில் இருக்கிறது, இரண்டாவது 11 மாதம், கடைசித் தவணை ஒரே மாதம். 12 முதல் 1 வரை கூட்டினால் 78. அதாவது 500 ரூபாய் 78 மாதம் இருந்ததற்குச் சமம். வட்டி 260 ரூபாய், முதிர்வுத் தொகை 6,260 ரூபாய். இதையே காலாண்டுக் கூட்டுவட்டியில் போட்டால் வட்டி சுமார் 265 ரூபாய் வரும். ஒரு கணக்கில் ஐந்து ரூபாய்தான் வித்தியாசம். ஆனால் நூறு கணக்குகளில் முறை மாறிவிட்டால் தணிக்கையில் கேள்வி வரும்.

எக்செலில் D தொடங்கிய தேதி, E மாதத் தவணை, F மாதங்கள், G சதவீதக் குறியோடு வட்டி விகிதம், H முதிர்வுத் தேதி, I வட்டி, J முதிர்வு மாதம் என்று வைத்தால்:

```
H2: =EDATE(D2,F2)
I2: =E2*F2*(F2+1)/2*G2/12
J2: =TEXT(H2,"yyyy-mm")
```

மாதப் பெயரை ஆங்கிலத்தில் எழுத்தாகத் தட்டச்சு செய்து வரிசைப்படுத்தினால் ஏப்ரலுக்கு அடுத்து ஆகஸ்ட் வந்து நிற்கும். J பத்தியில் ஆண்டு முன்னும் மாதம் பின்னும் எண்ணாக வருவதால் வரிசை குலையாது. மாதக் கூட்டுத்தொகையையும் அந்தப் பத்தியை வைத்தே எடுக்கலாம்.

மார்ச் 31 வரை சேர்ந்த வட்டி

அதே 500 ரூபாய்க் கணக்கு 2025 நவம்பர் 10 அன்று தொடங்கியது என்று வைப்போம். 2026 மார்ச் 31க்குள் ஐந்து தவணைகள் வந்திருக்கும். அதுவரை எவ்வளவு வட்டி சேர்ந்திருக்கும்?

பலர் 260 ரூபாயை 12ஆல் வகுத்து 5ஆல் பெருக்கி, 108 ரூபாய் என்று எழுதிவிடுகிறார்கள். இது தவறு. ஆர்.டி.யில் தொடக்கத்தில் அசல் சிறியது; வட்டியின் பெரும்பகுதி பின் மாதங்களில்தான் சேரும். சரியான கணக்குக்கு 5 முதல் 1 வரை கூட்ட வேண்டும்: 15. எனவே 500 ரூபாய்க்கு 15 மாத வட்டி, அதாவது 50 ரூபாய். மீதி 210 ரூபாய் அடுத்த நிதியாண்டின் செலவு.

சூத்திரம் அதேதான். F இருக்கும் இடத்தில் மார்ச் 31 வரை வரவான தவணைகளின் எண்ணிக்கையைப் போட்டால் போதும். அந்த எண்ணிக்கையைத் தேதியிலிருந்து கணிக்காமல் லெட்ஜரிலிருந்து எடுங்கள். தேதி சொல்வது வந்திருக்கவேண்டிய தவணையை. வந்த தவணையைச் சொல்வது லெட்ஜர்தான்.

இன்னொரு கணக்கு: மாதம் 1,000 ரூபாய், 24 மாதம், 9 சதவீதம், 2024 ஆகஸ்டில் தொடக்கம். இரண்டு வரிகளையும் சேர்த்துப் பட்டியலில் எழுதினால்:

| முதிர்வு மாதம் | தவணை (ரூ.) | முதிர்வில் அசல் | முதிர்வில் மொத்த வட்டி | மார்ச் 31 வரை சேர்ந்தது | மீதி வட்டி | தரவேண்டிய தொகை |
|---|---|---|---|---|---|---|
| ஆகஸ்ட் 2026 | 1,000 | 24,000 | 2,250 | 1,575 | 675 | 26,250 |
| நவம்பர் 2026 | 500 | 6,000 | 260 | 50 | 210 | 6,260 |

முதல் வரியைக் கவனியுங்கள். 2,250 ரூபாய் வட்டி மூன்று நிதியாண்டுகளில் பரவுகிறது: 2025 மார்ச் வரை 270, அடுத்த ஆண்டில் 1,305, கடைசி நான்கு மாதங்களில் 675. ஆகஸ்டில் பணம் தரும்போது 1,575 ரூபாய் ஏற்கெனவே ஒதுக்கி வைத்த கணக்கிலிருந்து போகவேண்டும். 675 மட்டுமே அந்த ஆண்டின் வட்டிச் செலவு. முழு 2,250ஐயும் செலவில் எழுதினால் அதே வட்டியை இருமுறை எழுதியதாகிவிடும். ஒதுக்கீட்டுக் கணக்கு ஆண்டுதோறும் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் இந்தப் பிழை நடக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

தவணை தவறியவர்கள்

தினக்கூலி, மழைக்காலம், ஊர்த் திருவிழா என்று எந்தக் காரணத்தாலும் தவணை தள்ளிப்போகும். 2025 ஜூனில் 500 ரூபாய் ஆர்.டி. தொடங்கிய ஒருவர் செப்டம்பர், அக்டோபர் தவணைகளை நவம்பரில் சேர்த்துக் கட்டினார் என்று வைப்போம். செப்டம்பர் தவணை இரண்டு மாதமும், அக்டோபர் தவணை ஒரு மாதமும் தாமதம். 78இலிருந்து 3 கழிக்க, 75. வட்டி 260 இல்லை, 250.

சில சங்கங்கள் வட்டியைக் குறைக்காமல் முதிர்வுத் தேதியைத் தள்ளிவைக்கும். அப்படியானால் அந்த உறுப்பினரின் பெயர் ஜூனிலிருந்து பின் மாதத்துக்குப் போகவேண்டும். எதைச் செய்வது என்பதை விதியும் நிர்வாகக் குழுத் தீர்மானமும் சொல்லவேண்டும். எழுத்தர் தன் இரக்கத்தை வைத்து ஒருவருக்கு ஒருவிதம், இன்னொருவருக்கு வேறுவிதம் என்று போடக்கூடாது. தாமதக் கட்டணம் இருந்தால் அதைச் சங்கத்தின் வரவாகத் தனியே எழுதுங்கள். வட்டியில் கழித்து எழுதினால் இரண்டு கணக்குகளும் பொய்யாகும்.

இப்படிப்பட்ட வரிகளைக் கண்டுபிடிப்பது எளிது. வந்த அசலைத் தவணைத் தொகையால் வகுத்துப் பாருங்கள். தேதிப்படி வந்திருக்கவேண்டிய எண்ணிக்கை வராத வரிகளையும், ஒரே மாதத்தில் இரண்டு தவணை விழுந்த வரிகளையும் நிறம் போட்டு, கையால் கணக்கிடுங்கள்.

தீபாவளி எந்தத் தேதியில் வருகிறது?

மும்பைத் தமிழர்களில் பலர் தீபாவளிச் செலவுக்கென்றே ஆர்.டி. போடுகிறார்கள். முந்தைய தீபாவளி முடிந்ததும் தொடங்கி, 12 மாதத்தில் எடுப்பது வழக்கம். 2025இல் தீபாவளி அக்டோபர் 20. 2026இல் நவம்பர் 8. நவம்பர் 10 அன்று கணக்குத் தொடங்கியவருக்கு ஆர்.டி. முதிர்வது பண்டிகைக்கு இரண்டு நாள் கழித்து!

அப்படி 40 உறுப்பினர்கள் இருந்தால் நவம்பர் வரியில் 2,50,400 ரூபாய் நிற்கும். அதில் வட்டி 10,400. அவர்கள் எல்லாரும் நவம்பர் முதல் வாரத்திலேயே வந்து நிற்பார்கள். முதிர்வுக்கு முன் மூடினால் பல சங்கங்களில் வட்டி குறையும். கவுண்டரில் தகராறு தொடங்குவது அங்கேதான். பட்டியலில் முதிர்வு மாதத்தோடு முதிர்வுத் தேதியும் இருந்தால் இதை ஏப்ரலிலேயே பார்த்துவிடலாம். ஆகஸ்ட் குழுக் கூட்டத்தில் வைத்து, ஆர்.டி.யின் பேரில் சில நாள் முன்பணம் தருவதா, முழு வட்டியோடு முன்கூட்டியே தருவதா என்று தீர்மானம் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த சுற்றுக்கும் இது உதவும். 2027 தீபாவளி அக்டோபர் கடைசி வாரத்தில் வருகிறது. 2026 நவம்பரில் மறுபடியும் 12 மாத ஆர்.டி. தொடங்கினால் அதே சிக்கல் மறுபடியும் வரும். 11 மாதத் திட்டம் இருந்தால் 500 ரூபாய்க்கு வட்டி 220, முதிர்வு 5,720. அக்டோபரிலேயே கையில் கிடைக்கும்.

பொருளாளரிடம் இன்னொன்றும் சொல்லவேண்டும். நவம்பரில் இரண்டரை லட்சம் வெளியே போவதோடு, அந்த 40 பேரிடமிருந்து மாதாமாதம் வந்த 20,000 ரூபாயும் நின்றுவிடுகிறது. சங்கத்தின் உபரிப் பணம் மும்பை மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் நிரந்தர வைப்பாக இருந்தால், அதன் முதிர்வு அக்டோபர் கடைசிக்குள் வரும்படி வைப்பைப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் மார்ச்சில் முதிரும்படி போட்டுவிட்டால், நவம்பரில் வைப்பை உடைத்து வட்டியை இழக்க நேரும்.

எடுக்காமல் கிடக்கும் கணக்குகள்

ஊருக்குத் திரும்பியவர்கள், வீடு மாறிப் போனவர்கள், இறந்தவர்கள் என்று முதிர்ந்தும் எடுக்கப்படாத ஆர்.டி. சில இருக்கும். இவற்றை வரும் மாதங்களில் சேர்க்காமல் பட்டியலின் முதலில் தனிப் பகுதியாக வையுங்கள். எப்போது கேட்டாலும் தரவேண்டிய பணம் அது. முதிர்வுக்குப் பின் வட்டி உண்டா என்பதை விதி சொல்லும். சூத்திரம் தானாக வட்டியை வளர்த்துக்கொண்டு போக விடாதீர்கள். நியமனதாரர் பெயர் இல்லாத வரிகளைக் குறித்து வையுங்கள். உறுப்பினர் இருக்கும்போதே எழுதி வாங்கிவிட்டால் பின்னால் குடும்பத்துக்கு அலைச்சல் இல்லை.

ஆர்.டி.யின் பேரில் கடன் எடுத்தவருக்கு வட்டியை முழுதாகக் காட்டி, கடனைத் தனிப் பத்தியில் கழித்து, கையில் தரும் தொகையைக் கடைசியில் எழுதுங்கள்.

ஒப்படைக்கும் முன்

12 மாதத்துக்குப் பின் முதிரும் கணக்குகளையும் சேர்த்து, மார்ச் 31 வரை வந்த அசலின் கூட்டுத்தொகை பொது லெட்ஜரில் உள்ள ஆர்.டி. இருப்போடு ரூபாய் தவறாமல் பொருந்தவேண்டும். சேர்ந்த வட்டியின் கூட்டுத்தொகை வட்டி ஒதுக்கீட்டுக் கணக்கோடு பொருந்தவேண்டும். ஆனால் இவை பொருந்தினாலும் ஒரு பிழை தப்பிவிடும்: ஒருவரின் தவணை இன்னொருவர் கணக்கில் ஏறியிருந்தால் மொத்தம் மாறாது. அதற்கு பாஸ்புக்கோடு ஒப்பிடுவது ஒன்றுதான் வழி. அடுத்த மூன்று மாதங்களில் முதிரும் கணக்குகளின் பாஸ்புக்கை, தவணை கட்ட வரும்போதே வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சட்டப்படி சங்கங்களின் நிதியாண்டு மார்ச் 31 அன்று முடிகிறது. தணிக்கை, பொதுக்குழு எல்லாம் அதற்குப் பின் வரிசையாக வரும். பட்டியலை அந்த நாளுக்கு ஒருமுறை போட்டு மூடிவிடாதீர்கள். மாதம் முடிந்ததும் முதிர்ந்த வரியை நீக்கி, புதுக் கணக்குகளைச் சேர்த்து, அடுத்த மூன்று மாதங்களின் கூட்டுத்தொகையை ஒரே பக்கத்தில் பொருளாளர் மேசையில் வையுங்கள். கடன் சங்கத்தில் போட்ட பணத்துக்கு வங்கி வைப்புபோல 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு கிடையாது. சொன்ன தேதியில் சொன்ன தொகை கைக்கு வரும் என்ற நம்பிக்கையில்தான் உறுப்பினர் மாதாமாதம் தவணை கட்டுகிறார். அந்தத் தேதியையும் தொகையையும் எழுதுவது உங்கள் கை.