பத்து முனைகள் போதுமா?

கேள்வி: ஆயிரம் முனைகள் கொண்ட கோட்டுருவில் பத்து முனைகளுக்கு மிகாத வெர்டெக்ஸ் கவர் உண்டா என்பதைத் துல்லியமாகக் கண்டறிய இயலுமா?

பதில்: இயலும். வெர்டெக்ஸ் கவர் என்பது ஒவ்வொரு விளிம்பின் இரு முனைகளில் ஒன்றையேனும் தன்னுள் கொண்ட முனைத்தொகுதியாகும். ஆகவே மூடப்படாத ஏதேனும் ஒரு விளிம்பை எடுத்துக்கொண்டால், அதன் இரு முனைகளில் ஒன்று தொகுதியில் இருந்தே தீர வேண்டும். எந்த முனை என்பது தெரியாததால் இரு கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் ஒரு முனையைச் சேர்த்து, அது தொடும் விளிம்புகளை நீக்கி, இன்னும் சேர்க்கத்தக்க முனைகளின் எண்ணிக்கையான அனுமதியில் ஒன்றைக் குறைத்துத் தொடர வேண்டும். விளிம்புகள் தீர்ந்தால் விடை கிடைத்துவிட்டது. அனுமதி தீர்ந்தும் விளிம்பு எஞ்சினால் அக்கிளை வீண்.

1-2, 2-3, 3-4, 4-5, 5-1 என்ற ஐங்கோண வளையத்தில் அனுமதி 2 எனில், 1-ஐச் சேர்த்தபின் 2-3, 3-4, 4-5 எஞ்சும். அடுத்து 2-ஐச் சேர்த்தாலும் 3-ஐச் சேர்த்தாலும் 4-5 மிஞ்சுகிறது. முதலில் 2-ஐச் சேர்க்கும் கிளையும் இவ்வாறே தோற்பதால், இரண்டு முனைகள் போதா என்பது ஐயமற நிறுவப்படுகிறது.

அனுமதி பத்து எனில் அதிகபட்சம் 1,024 இறுதிக் கிளைகளே உண்டு. மாறாக, ஆயிரம் முனைகளையும் பத்து பத்தாகத் தேர்ந்து சோதிப்பதாயின் எண்ணிக்கை 10^23-ஐத் தாண்டும். ஆனால் அனுமதி 60 ஆனால் கிளைகள் 10^18-ஐக் கடக்கக்கூடும் என்பதால், அங்கு இந்த எளிய வடிவம் பயன்படாது.