அரைத்த காபித்தூள் ஏன் ஒட்டுகிறது?

கேள்வி: கொட்டையை வீட்டிலேயே அரைக்கிறேன். தூள் மெஷினின் வாயெல்லாம் ஒட்டிக்கொள்கிறது, கட்டிகட்டியாகவும் விழுகிறது. அரைக்கும் முன் தண்ணீர் தெளிக்கலாமா?

பதில்: தெளிக்கலாம். சீப்பால் தலை வாரும்போது முடி எழுந்து நிற்கிறதே, அதே நிலைமின்சாரம்தான் இது. கொட்டை உடையும்போதும் உரசும்போதும் துகள்களில் மின்னேற்றம் சேர்கிறது. சில துகள்கள் நேர், சில எதிர். ஒன்றையொன்று இழுத்துக் கட்டியாகின்றன. அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் ஹெண்டனின் குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வில், கொட்டைக்குள் ஈரம் குறையக் குறைய மின்னேற்றம் கூடுவது தெரிந்தது. கருக வறுத்த கொட்டை அதிகம் ஒட்டுவது அதனால்தான். தெளித்த நீர் அந்த மின்னேற்றம் சேராமல் தடுக்கிறது.

18 கிராம் கொட்டைக்கு ஐந்தாறு சொட்டு போதும். கரண்டிக் காம்பை நனைத்துக் கொட்டையைக் கிளறிவிட்டு உடனே அரையுங்கள். அரைத்த தூளில் தெளித்தால் பயனில்லை, அது களிம்பாகிவிடும்.

எஸ்பிரெசோ போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டி இருந்தால் தண்ணீர் இடைவெளிகளில் புகுந்து ஓடிவிடும். கட்டி போனதும் அதே தூளில் மெதுவாக இறங்கி, காபி திடமாகும். மிக மெதுவானால் ஒரு படி கரகரப்பாக அரையுங்கள். ஃபில்டர் டிகாக்ஷனில் இந்த வித்தியாசம் குறைவு. அங்கே முக்கிய லாபம் சிந்தாமல் சேதாரமில்லாமல் தூள் கிடைப்பதுதான்.

ஈரம் பட்ட தூளைச் சேமிக்காதீர்கள், அன்றைக்கே போட்டுவிடுங்கள். மெஷினுக்குள் கொட்டையை நிரப்பி வைப்பவர்கள் தண்ணீர் தெளிக்கவே வேண்டாம். இரும்புப் பற்கள் துருப்பிடிக்கும்.