பில்லில் 916, நகையில் எத்தனை?

சங்க அன்பர்கள் சிலர், "உங்கள் சங்கிலி விவகாரம் என்ன ஆயிற்று?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள். தனித்தனியே சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன்.

2023 ஜூனில் நாகபுரியில் ஒரு கடையில் பேத்திக்காக 24 கிராமில் ஒரு சங்கிலி வாங்கினேன். பில்லில் '22 கேரட், 916' என்று போட்டு, கிராம் 5,500 ரூபாய் வீதம் தங்கத்துக்கு 1,32,000 ரூபாய், செய்கூலி 12 சதவீதம், அதன்மேல் வரி என்று எழுதியிருந்தது. கொக்கியில் ஹால்மார்க் முத்திரையும் ஆறு எழுத்து கொண்ட எச்.யு.ஐ.டி. எண்ணும் இருந்தன. சில மாதங்கள் கழித்து வேறொரு கடையில் சும்மா எடை பார்க்கக் கொடுத்தபோது, அவர்களுடைய கருவி 88 சதவீதம் என்று காட்டியது.

உடனே சண்டைக்குப் போகவில்லை. அந்தக் கருவி எக்ஸ்ரே கதிர் பாய்ச்சி மேல்தோலை மட்டும் பார்ப்பது. மேலே நல்ல தங்க முலாம் இருந்தால் கூடுதலாகவும், பற்றாசு வைத்த இடத்தில் பட்டால் குறைவாகவும் காட்டும். அதை வைத்துக் கடைக்காரரிடம் பணம் கேட்க முடியாது. சந்தேகப்படத்தான் அது உதவும். தீர்ப்புச் சொல்லக்கூடியது புடச் சோதனை. நகையில் ஒரு சிறு துண்டை வெட்டி, வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் சுற்றி உலையில் வைப்பார்கள். செம்பு முதலிய மட்ட உலோகங்கள் ஈயத்தோடு கலந்து கீழேயுள்ள கிண்ணத்துக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். மிஞ்சும் மணியைத் தட்டித் தகடாக்கி நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரைந்துவிடும், நிற்பது தங்கம். முன்னும் பின்னும் எடை போட்டால் மாற்று தெரிந்துவிடும்.

கடைக்காரரிடம் பில்லோடு போனேன். "சாஹேப், இது பற்றாசு. எல்லாச் சங்கிலியிலும் இருக்கும்" என்றார். கயிறு போல் பின்னிய சங்கிலியில் கண்ணிக்குக் கண்ணி பற்ற வைத்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் இந்தியத் தர நிர்ணயத்தில் மாற்றுக்குக் கீழ்நோக்கிச் சலுகை கிடையாது. பற்றாசும் சேர்த்துத்தான் 916 நிற்க வேண்டும். "இப்படியே வைத்துவிட்டுப் போங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்றார். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நகை உங்கள் கையை விட்டுப் போனால், திரும்பி வருவது அதே சங்கிலிதான் என்பதற்குச் சாட்சி ஏது?

ஆகவே எழுத்திலேயே கேட்டேன். அங்கீகாரம் பெற்ற பரிசோதனை நிலையத்தில், ஆனால் முன்பு முத்திரை குத்திய நிலையம் அல்லாத ஒன்றில், இருவரும் கூட இருந்து சோதிப்போம். எடையும் முத்திரை எண்ணும் ரசீதில் எழுதப்பட வேண்டும். துண்டை ஒரே இடத்தில் எடுக்காமல் மூன்று இடங்களில் எடுக்க வேண்டும். கொஞ்சம் முணுமுணுத்தாலும் தன் ஆளை அனுப்பினார். அறிக்கை 876 என்று வந்தது. சங்கிலி 22 கேரட் இல்லை, ஏறக்குறைய 21 கேரட்தான்.

அடுத்தது கணக்கு. கடைக்காரர், "ஆயிரத்துக்கு 40 குறைவு. 1,32,000-இல் நாலு சதவீதம் 5,280 ரூபாய் தருகிறேன்" என்றார். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் நான் கொடுத்த விலை ஆயிரத்துக்கு அல்ல, 916-க்கு. 1,32,000-ஐ 916-ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 144 ரூபாய் 10 காசு. 40 புள்ளிக்கு 5,764 ரூபாய். அவர் வழியில் 484 ரூபாய் நஷ்டம். ரயில்வேயில் அளவெடுத்துப் பில் சரிபார்த்த பழக்கம் இதற்காவது உதவியது!

அதோடு முடியவில்லை. 2018-ஆம் ஆண்டின் பி.ஐ.எஸ். விதி 49-இன்படி, ஹால்மார்க் நகையில் முத்திரையைவிட மாற்று குறைந்தால், குறைந்த மாற்றுக்குரிய தொகையின் இரு மடங்கையும் சோதனைச் செலவையும் விற்றவர் கொடுக்க வேண்டும். அதாவது 11,528 ரூபாயும் சோதனைக் கட்டணமும். இதைக் கணக்கோடு எழுதி, அறிக்கையின் நகலும் பில்லின் நகலும் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பி, 15 நாள் தவணை கொடுத்தேன். தராவிட்டால் பி.ஐ.எஸ். அலுவலகத்திலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்வேன் என்றும் எழுதினேன். ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்; கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை.

பதின்மூன்றாம் நாள் கடைக்காரரே போன் செய்தார். செக் வந்தது. குறைந்த தங்கத்தின்மேல் நான் கொடுத்த 12 சதவீதச் செய்கூலி, சுமார் 690 ரூபாய், அதைத்தான் அவர் தரவில்லை. விதியில் அதைப் பற்றிச் சொல்லவில்லை என்பதால் நானும் வற்புறுத்தவில்லை. சங்கிலி வெட்டுப்பட்ட இடத்தில் பற்ற வைத்து இப்போது பேத்தி கழுத்தில்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும் முன்பே செய்திருக்கலாம். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த ஆறு எழுத்தைப் போட்டால், எந்தக் கடைக்காக, எந்த நிலையத்தில், என்ன வகை நகைக்கு, என்ன மாற்றுக்கு முத்திரை குத்தினார்கள் என்று காட்டும். என் சங்கிலிக்கு அது சரியாகவே இருந்தது. பக்கத்து வீட்டு நண்பர் தம் மனைவியின் வளையல் எண்ணைப் போட்டுப் பார்த்தார். 'மோதிரம்' என்று வந்தது. அவர் அடுத்த வாரம் கடைக்குப் போகிறார்.