சம்பளம் கூட்டியும் விற்பனை கூடாதது ஏன்?

முகாமைத்துவ டிப்ளோமா படிக்கும் என் மருமகன் அண்மையில் தனது ஒப்படையைக் கொண்டுவந்து காட்டினார். ஊக்கப்படுத்தல் கோட்பாடுகள் இரண்டை ஒப்பிட்டு ஒரு வேலைத்தளத்துக்குப் பிரயோகிக்க வேண்டும் என்பது வினா. மூன்று பக்கம் ஹேர்ஸ்பேர்க், மூன்று பக்கம் வ்ரூம், கடைசி அரைப் பக்கத்தில் ஒரு கற்பனைக் கம்பனி. கிடைத்த புள்ளி 42.

"ரெண்டையும் சரியாத்தானே மாமா எழுதியிருக்கேன்?" என்று கேட்டார்.

சரியாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் அது ஒப்பீடு அல்ல, இரண்டு விளக்கங்களை அடுத்தடுத்து வைத்தது. ஒரே சம்பவத்துக்கு இருவரும் வெவ்வேறு பதில் சொல்லும் இடத்தைப் பிடித்தால்தான் ஒப்பீடு தொடங்கும். அந்த இடம் காசு. நமக்கும் அதுதானே தலையிடி!

ஹேர்ஸ்பேர்க்கும் அவரது சகாக்களும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் பொறியியலாளர்களும் கணக்காளர்களுமாகச் சுமார் 200 பேரைப் பேட்டி கண்டு 1959இல் நூலாக வெளியிட்டார்கள். சம்பளம், மேற்பார்வை, வேலைச் சூழல் போன்றவை குறைந்தால் மனம் கசக்கும். கூடினால் கசப்பு நீங்கும், ஆனால் உற்சாகம் பிறக்காது. உற்சாகம் சாதனையிலும் பாராட்டிலும் பொறுப்பிலும்தான் பிறக்கிறது என்பது அவர்களின் முடிவு.

வ்ரூம் 1964இல் வேறு வழியில் வந்தார். அவரது பார்வையில் ஊழியர் மனதுக்குள் மூன்று கேள்விகள் கேட்கிறார். முயன்றால் என்னால் முடியுமா? முடித்தால் சொன்னது கிடைக்குமா? கிடைப்பது எனக்கு வேண்டியதுதானா? மூன்றையும் பெருக்க வேண்டும். ஒன்று பூச்சியமானால் எல்லாமே பூச்சியம். ஆக, காசு ஊக்குமா என்பதற்கு அவரிடம் ஒரே பதில் இல்லை. அது இந்த மூன்றிலும் தங்கியிருக்கிறது.

இனிக் கடைக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒருவரின் புடவைக் கடையில் ஆறு விற்பனையாளர்கள். முதலாளி எல்லோருக்கும் மாதம் 5,000 ரூபா கூட்டினார். முணுமுணுப்பு நின்றது, விலகவிருந்த ஒருவரும் தங்கிவிட்டார். விற்பனையோ அசையவில்லை. ஹேர்ஸ்பேர்க் சொன்னபடியே நடந்தது.

அடுத்து, மாத இலக்கை எட்டினால் ஆளுக்கு 10,000 ரூபா போனஸ் என்று அறிவித்தார். அதற்கும் அசைவில்லை. காசு ஊக்காது என்று இங்கே முடிவுகட்டிவிடலாம். மருமகனும் அப்படித்தான் சொன்னார். ஆனால் அந்தப் பையன்களிடம் பேசிப் பார்த்தபோது வேறு கதை வந்தது. முந்திய பெருநாள் வியாபாரத்தில் இலக்கை எட்டியும், "திரும்பி வந்த சாமான் கூட" என்று சொல்லி முதலாளி பாதியை வெட்டியிருக்கிறார்.

வ்ரூமின் கணக்கில் போட்டுப் பாருங்கள். 'முடியுமா' என்பதற்கு 0.8, 'கிடைக்குமா' என்பதற்கு 0.2, 'வேண்டுமா' என்பதற்கு 0.9 என்று வைப்போம். இவை அளந்த எண்கள் அல்ல, என் மதிப்பீடு. பெருக்கினால் 0.144. போனஸை இரட்டிப்பாக்கி ஆசையை 1 வரை ஏற்றினாலும் 0.16தான். தொகையைக் கூட்டாமல், 'கிடைக்குமா' என்பதை மட்டும் 0.8 ஆக்கினால் 0.576. கைக்காசு செலவழிக்காமல் நான்கு மடங்கு!

முதலாளி அதைத்தான் செய்தார். பில்லில் விற்றவர் பெயர், அவரவர் விற்பனையில் 1 வீதம், சனிக்கிழமை மாலை கையில் காசு. இரண்டாம் வாரமே பையன்கள் வாசலுக்கு வந்து வாடிக்கையாளரை அழைக்கத் தொடங்கினார்கள், விற்பனையும் ஏறியது.

கூடவே ஒரு தொல்லையும் வந்தது. விரித்துக் காட்டிய துணியை மடித்து வைக்க ஆளில்லை. ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு பேர் சண்டை. வ்ரூமை மீண்டும் வாசித்தால் இதுவும் விளங்கும்: மடிப்பதற்குக் காசு இல்லை, அந்த வேலைக்கு இரண்டாம் கேள்வியின் விடை பூச்சியம். முதலாளி பின்னர் 1 வீதத்தைப் பிரித்தார். பாதி விற்றவருக்கு, பாதி பொதுவாகச் சேர்த்து ஆறு பேருக்கும்.

ஒவ்வொரு கோட்பாடும் எங்கே சறுக்குகிறது என்பதையும் ஒப்படையில் எழுத வேண்டும். நல்லது நடந்தால் "நான் செய்தேன்" என்றும், கெட்டது நடந்தால் "முதலாளி சரியில்லை" என்றும் சொல்வது மனித சுபாவம். ஹேர்ஸ்பேர்க்கின் பேட்டிகளில் காரணங்கள் இரண்டாகப் பிரிந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று வ்ரூமே விமர்சித்திருக்கிறார். வ்ரூமின் பக்கத்திலோ, எல்லோரும் கணக்குப் பார்த்தே வேலை செய்கிறார்கள் என்ற அனுமானம் இருக்கிறது. அந்தக் கடையில் மூத்த விற்பனையாளர் ஒருவர், காசு இல்லாத காலத்திலும் துணியை மடித்துக்கொண்டுதான் இருந்தார். அவரை விளக்க ஹேர்ஸ்பேர்க்கிடம்தான் திரும்பிப் போக வேண்டும்.

மருமகன் அந்த மனிதரை வைத்தே ஒப்படையின் கடைசிப் பகுதியைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார்.