ஏலக்காய் வகைபிரிப்பில் நேர்கோட்டுப் பிரிகைப் பகுப்பாய்வும் லாஜிஸ்டிக் தொடர்புப் போக்கும்: ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

இரு வகைகளுள் ஒரு பொருள் எதைச் சார்ந்தது என்பதை அளவைக் கொண்டு துணிவதற்குப் புள்ளியியலில் நேர்கோட்டுப் பிரிகைப் பகுப்பாய்வு, லாஜிஸ்டிக் தொடர்புப் போக்கு என்னும் இரு முறைகள் பெரிதும் வழங்குகின்றன. இரண்டும் ஒரே வடிவமுடைய விதியையே தருகின்றன. எனினும் அவ்விதியை அடையும் வழி வேறு. அவ்வேறுபாடு எப்போது முடிவை மாற்றுகிறது என்பதை மலபார், மைசூர் ஏலக்காய் வகைகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஏலக்காய், வகைபிரிப்பு, இயல்நிலைப் பரவல், நிகழ்தகவு, எல்லை.

1. முன்னுரை

போடிநாயக்கனூருக்கு மேற்கே எழும் ஏலமலைச் சரிவுகளில் விளையும் காய், அந்நகரிலும் மலைக்கு அப்பால் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னேல மையங்களில் விற்பனைக்கு வருகிறது. செடியாக நிற்கும்போது வகையை அறிவது எளிது. மலபார் வகையின் பூங்கொத்து தரையில் படர்ந்து கிடக்கும். மைசூர் வகையினது நிமிர்ந்து நிற்கும். காய் பறித்து உலர்த்தி மூட்டையானபின் அந்த அடையாளம் இல்லை. எஞ்சுவது காயின் வடிவமே. மலபார் காய் பெரும்பாலும் உருண்டை சார்ந்தது. மைசூர் காய் நீண்டது. ஆகவே நீளத்தை அகலத்தால் வகுத்துப் பெறும் விகிதம் ஒரு பிரிகைச் சான்றாகிறது. அவ்விகிதம் எந்த எண்ணைத் தாண்டினால் காயை மைசூர் வகை எனலாம் என்பதே வினா.

2. இரு முறைகளின் அடிப்படை

ஆர். ஏ. ஃபிஷர் 1936இல் ஐரிஸ் மலர்களின் இதழ் அளவுகளைக் கொண்டு இனம்பிரிக்கும் முறையை வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்த நேர்கோட்டுப் பிரிகைப் பகுப்பாய்வு ஒவ்வொரு வகையின் இயல்பையும் முதலில் வரைகிறது. இரு வகைகளின் அளவுகளும் இயல்நிலைப் பரவலில் அமைகின்றன. சராசரிகள் வேறு, ஆயின் விலக்க வர்க்கச் சராசரி இரண்டிற்கும் ஒன்றே என்பது அதன் எடுகோள். இவ்வெடுகோளிலிருந்து எல்லை தானே பிறக்கிறது.

லாஜிஸ்டிக் தொடர்புப் போக்கு வகைகளின் இயல்பைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. குறிப்பிட்ட விகிதமுடைய காய் மைசூர் வகையாக இருக்கும் நிகழ்தகவு யாது என்பதை மட்டும் நேரே மதிப்பிடுகிறது. இரு முறைகளும் அடையும் விதியின் வடிவம் ஒன்றே:

ln(p / (1 − p)) = b(x − c)

இங்கு x காயின் விகிதம், p அது மைசூர் வகையாகும் நிகழ்தகவு, c எல்லை, b எல்லையருகே நிகழ்தகவு எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதைக் காட்டும் சாய்வு. b, c ஆகியவற்றைக் கண்டறியும் வழியில்தான் முறைகள் பிரிகின்றன.

3. ஒரு கணக்கு

பின்வரும் அளவுகள் விளக்கத்திற்காக அமைத்துக்கொள்ளப்பட்டவை. கள அளவீடுகள் அல்ல.

மலபார்: 1.3, 1.4, 1.5, 1.5, 1.8
மைசூர்: 1.6, 1.9, 1.9, 2.0, 2.1

மலபார் காய்களின் சராசரி 1.5, மைசூர் காய்களின் சராசரி 1.9. ஒவ்வொரு வகையிலும் சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கக் கூட்டுத்தொகை 0.14. இரண்டையும் கூட்டி 8ஆல் வகுக்கப் பொது விலக்க வர்க்கச் சராசரி 0.035 ஆகிறது. இரு வகைகளும் சம அளவில் வருவதாகக் கொண்டால், பிரிகைப் பகுப்பாய்வின் எல்லை சராசரிகளின் நடுப்புள்ளியாகிய 1.7. சாய்வு, சராசரிகளின் வேறுபாடாகிய 0.4ஐ 0.035ஆல் வகுத்துப் பெறும் 11.4.

லாஜிஸ்டிக் முறையில் இவ்வாறு ஒரே படியில் விடை கிட்டாது. மிகைச் சாத்தியக்கூறு தரும் மதிப்புகளைத் திரும்பத் திரும்பத் திருத்தியே அணுக வேண்டும். அவ்வாறு செய்தால் எல்லை 1.7 என்றே வருகிறது; சாய்வு ஏறத்தாழ 9.8. விகிதம் 1.8 உடைய காய் மைசூர் வகையாகும் நிகழ்தகவு முதல் முறைப்படி 76 விழுக்காடு. இரண்டாம் முறைப்படி 73 விழுக்காடு. அளவுகள் ஒழுங்காக அமைந்த இடத்தில் இரண்டும் ஒன்றையே கூறுகின்றன.

4. காம்போடு அளக்கப்பட்ட காய்

உலர்ந்த காயின் காம்பை நீக்காமல் அளப்பது எளிதில் நேரும் பிழை. மைசூர் வகையில் 2.1 என இருக்க வேண்டிய விகிதம் அதனால் 3.1 எனப் பதிவாயிற்று எனக் கொள்வோம். மைசூர் சராசரி 2.1 ஆக உயர்கிறது. பொது விலக்க வர்க்கச் சராசரி 0.035இலிருந்து 0.185 ஆகப் பெருகுகிறது. பிரிகைப் பகுப்பாய்வின் எல்லை 1.8க்கு நகர்கிறது, சாய்வு 3.2 ஆகக் குன்றுகிறது. 1.75 விகிதமுடைய காய் முன்னர் மைசூர், இப்போது மலபார். பிழைபட்ட காயின் வகை பற்றி எவ்வித ஐயமும் இல்லை என்பது கருதத்தக்கது. ஐயமற்ற ஒரு காயே ஏனைய காய்களின் தீர்ப்பை மாற்றிவிட்டது.

லாஜிஸ்டிக் முறையில் எல்லை 1.70 என்ற இடத்திலேயே நிற்கிறது. சாய்வு சுமார் 9.5 ஆகச் சற்றே குறைகிறது. காரணம் வெளிப்படை. இம்முறையில் ஒவ்வொரு காயின் செல்வாக்கும், அதன் உண்மை வகைக்கும் கணித்த நிகழ்தகவுக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. எல்லையிலிருந்து தொலைவில், தன் வகைக்குரிய பக்கத்திலேயே நிற்கும் காய்க்கு அவ்விடைவெளி ஏறத்தாழச் சுழி. எனினும் இப்பாதுகாப்பு ஒருபக்கத்தது. அதே 3.1 மலபார் காய்க்குப் பதிவாகியிருந்தால் லாஜிஸ்டிக் முறையும் பெரிதும் குலையும்.

5. முழுமையாகப் பிரிந்த வகைகள்

லாஜிஸ்டிக் முறைக்கும் ஓர் இடர் உண்டு. முதலில் தந்த அளவுகளில் மலபாரின் 1.8ஐயும் மைசூரின் 1.6ஐயும் நீக்கினால், மலபார் காய்கள் யாவும் 1.5க்குள்ளும் மைசூர் காய்கள் யாவும் 1.9க்கு மேலும் அமைகின்றன. சாய்வைக் கூட்டக் கூட்டச் சாத்தியக்கூறு உயர்ந்துகொண்டே செல்லும்; உச்சம் எய்தாது. எனவே முடிவுள்ள விடை இல்லை. கணினி ஓர் எண்ணைத் தந்தாலும் அது கணிப்பு நிறுத்தப்பட்ட இடத்தையே குறிக்கும். மிகப் பெரிய சாய்வும், அதனினும் பெரிய திட்டப்பிழையும் இந்நிலையைக் காட்டிக்கொடுக்கும். பிரிகைப் பகுப்பாய்வு இங்குத் தடையின்றி விடை தருகிறது. எடுகோள் அதற்குக் கூடுதல் செய்தியை வழங்குவதே காரணம்.

அக்கூடுதல் செய்தியின் மதிப்பை பிராட்லி எஃப்ரான் 1975இல் அளந்து காட்டினார். இயல்நிலை எடுகோள் உண்மையாகுமிடத்து, லாஜிஸ்டிக் முறையின் திறன் பொதுவாகப் பிரிகைப் பகுப்பாய்வினதில் பாதிக்கும் மூன்றில் இரண்டுக்கும் இடைப்பட்டது என்பது அவர் முடிவு. எடுகோள் பொய்க்குமிடத்து இவ்வாதாயம் நிலைக்காது.

6. இரு முறைகளுக்கும் பொதுவான எல்லை

மலபார், மைசூர் வகைகளின் இயற்கைக் கலப்பாகக் கருதப்படும் வழுக்கை வகையும் ஏலமலையில் விளைகிறது. பரவலாகப் பயிரிடப்படும் ஞள்ளானி அதனைச் சார்ந்தது. இவ்வகைக் காயை மேற்கண்ட விதியில் இட்டால், இரு முறைகளும் அதை மலபார் என்றோ மைசூர் என்றோ கூறுமேயன்றி இரண்டும் அல்ல எனக் கூறா. 50 விழுக்காட்டை ஒட்டிய நிகழ்தகவு ‘இது இடைப்பட்ட வகை’ எனப் பொருள்படாது. ‘இவ்விரண்டுள் எது எனத் துணிய இயலவில்லை’ என்றே பொருள்படும்.

7. முடிவுரை

அளவுகள் இயல்நிலைப் பரவலை ஒட்டி, பரவலில் ஒத்து, எண்ணிக்கையில் குறைந்திருப்பின் பிரிகைப் பகுப்பாய்வு ஏற்றது. தன் பக்கத்திலேயே எல்லை கடந்து விலகிய மதிப்புகள் இருப்பின் லாஜிஸ்டிக் முறை நிலையான எல்லையைத் தரும். ஆசிரியர் பெயரில்லாத பனுவலை இருவருள் ஒருவருக்கு உரியதாக்கும் நடையியல் ஆய்விலும் இவ்வேறுபாடு பொருந்தும். அங்கு அளக்கப்படுவன இடைச்சொல் வருகை போன்ற எண்ணிக்கைகள். அரிதாக வரும் சொல்லுக்குப் பல பகுதிகளில் சுழியும் சிலவற்றில் பெரிய எண்ணும் அமைவதால் இயல்நிலை எடுகோள் அங்கு எளிதில் தளர்கிறது. இரு முறைகளையும் ஒரே தரவில் இயக்கி, எல்லைகள் வேறுபட்டால் அவ்வேறுபாட்டிற்குக் காரணமான பதிவை மீண்டும் அளந்து பார்ப்பதே தக்க நெறி. காம்பு நீக்கப்படாத காய் அவ்வாறே வெளிப்படும்.